காலை செக்கு, பகல் கணக்கு: நேரம் பிரிப்பது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பகலில் பனியன் கம்பெனி வேலை, காலை ஐந்தரை முதல் ஏழரை வரை வீட்டில் குழந்தைகள் சட்டை தைக்கிறேன். ஆர்டர் கூடினால் இரவும் போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: காங்கேயத்தில் மில் கணக்கு வேலையோடு மரச்செக்கும் நடத்தும் நான் கடைப்பிடிக்கும் வார மாற்று விதியைச் சொல்கிறேன்: தொழிலுக்காக வீட்டு நேரத்தை எடுத்தால் அதே வாரத்தில் திருப்பித் தருவது. செக்குக்கு வாரம் ஆறு காலை, ஆக 12 மணி நேரம். அலுவலக நேரம் மாற்றுக்கே வராது. வாரத்தில் ஒரே ஒரு மாலையை வீட்டிலிருந்து எடுக்கலாம். எடுத்தால் சனிக்கிழமைக்குள் ஒரு காலையை வீட்டுக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒருமுறை கல்யாண வீட்டு எண்ணெய்க்காகப் புதன் மாலை செக்கு ஓட்டினேன். வெள்ளி காலை அது பூட்டியே கிடந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் ‘எடுத்தது’, ‘கொடுத்தது’ என்று எழுதிவைத்தாலே போதும்.

அரைமணி, கால்மணி என்று மாற்றாதீர்கள். கொப்பரையைப் போட்டு ஓட்டத் தொடங்கினால் எண்ணெய் பிரியும் வரை பாதியில் நிறுத்த முடியாது என்பதால், எனக்கு ஒருமுறை செக்கில் போட்டு ஆட்டும் ஓர் ஈடுதான் அளவு. உங்களுக்கு அது ஒரு பண்டல். ஏழரைக்குள் தைத்து முடிக்க முடியாத பண்டலை ஏழு மணிக்குப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: விட்ட நேரத்தை அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்தால் என்ன? மாதக் கணக்கு சரியாகத்தானே வருகிறது?

பதில்: கணக்கு சரியாகத்தான் வரும். நானும் அப்படிச் செய்து, மூன்றே வாரத்தில் வீட்டுக்கு எட்டு மணி நேரம் கடன்பட்டேன். அதை அடைக்க ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே கிழமையின் மாலை அடுத்தடுத்த வாரம் போனால், அது மாற்று அன்று, உங்கள் அட்டவணையில்தான் பிழை. ஈரோடு ஜவுளிச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர், சந்தை கூடும் திங்கள் மாலையைத் தொழில் நேரமாகவே எழுதிவிட்டு, அதற்கு ஈடாக ஒரு காலையை நிரந்தரமாக விடுவதே முறை.

கேள்வி: எங்க மில்லுல வாராவாரம் ஷிப்ட் மாறுதுங்க. வார மாற்று விதின்னா இதுதானுங்களே?

பதில்: இல்லைங்க, அது மில் உங்களை மாற்றுவது, நான் சொன்னது நீங்களே மாற்றிக்கொள்வது. உங்களுக்குக் கடிகார நேரம் ஒத்துவராது. ‘தூங்கி எழுந்ததும் இரண்டு மணி நேரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நாளில் தொழிலே வேண்டாம்.

கேள்வி: நான் அரசு ஊழியர். மாலையில் மட்டும் கடை நடத்தலாமா?

பதில்: அலுவலக நேரத்துக்கு வெளியே என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இதில் குறுக்கே நிற்கும். துறையில் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய மாதம் இந்த விதி நிற்குமா?

பதில்: எனக்கு நின்றதில்லை. சென்ற ஆண்டு இரண்டு வாரம் விதியை எழுதியே நிறுத்திவைத்தேன். வீட்டில் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.