நாலு மாட்டுச் சாணத்துக்கு கோபர் கேஸ் சரிப்படுமா?

"சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா நாலு மாடு வைத்திருக்கிறார். சாணம் குவிந்து ஒரே ஈ. கோபர் கேஸ் போடலாமா, எருவும் வரட்டியும் போதுமா?"

போடலாம். நாலு கறவை மாடு நாளுக்கு 40–50 கிலோ சாணம் போடும். நாளுக்கு 2 கன மீட்டர் கேஸ் தரும் கலனுக்கு அது சரியாக இருக்கும். சிறு குடும்பத்தின் சமையலுக்குக் கேஸும் கிடைக்கும். ஆனால் தினமும் கரைக்க ஆள் வேண்டும். அப்பாவுக்கு முடியுமா என்று முதலில் போனில் கேளுங்கள்.

சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் விட்டு, வைக்கோலும் மண்ணும் நீக்கி ஊற்ற வேண்டும். வைக்கோல் மேலே ஆடைபோல் படிந்து கேஸை அடைக்கும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயு அதிகம், எரியாது. நெருப்பில்லாத திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். பிறகு புளித்த வாடையோடு தீ மங்கினால், சாணம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சில நாள் ஊற்றாமல் விட்டால் தேறும்.

வெளிவரும் கரைசலை எருக்குழியில் வைக்கோல், சருகோடு அடுக்கி, மழை படாமல் மூடுங்கள். எருவின் சத்து வீணாகாது, ஈயும் குறையும். வரட்டி மிச்சச் சாணத்துக்கு மட்டும். புகை அதிகம், மழைக்காலத்தில் காயவும் காயாது.