ஸ்ப்ளைனுக்கு மாற்றியதும் ஏன் மிதக்கிறது?

"பிளெண்டரில் கேரக்டர் அனிமேஷன் பழகுகிறேன். முதலில் ஸ்டெப்டு கீயில் பிளாக்கிங் செய்யச் சொல்கிறார்கள். அதில் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்ப்ளைனுக்கு மாற்றியதும் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கிறது. பேசாமல் நேராக ஸ்ப்ளைனிலேயே செய்துவிடலாமா?"

வேண்டாம். மிதப்பதற்குக் காரணம் ஸ்டெப்டு முறை அல்ல, போஸ்களை வைத்து நடிப்பையும் டைமிங்கையும் முடிவுசெய்யும் பிளாக்கிங் பாதியில் நின்றுபோனதுதான். ஒரு ஷாட்டை வைத்தே சொல்கிறேன்.

நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 96 ஃபிரேம். ஒரு பெண் கைப்பேசியில் தேர்வு முடிவைப் பார்க்கிறாள், தேறவில்லை. பின்னால் நிற்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று சிரித்தபடி திரும்புகிறாள். 1-இல் ஆவலோடு குனிந்திருக்கிறாள், 30-இல் படித்து உறைகிறாள், 50-இல் தோள் சரிகிறது, 74-இல் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். இந்த நான்கு போஸும்தான் நடிப்பு. ஒவ்வொன்றிலும் விரல், கண் உட்பட ரிக்கின் எல்லாக் கன்ட்ரோலுக்கும் கீ வையுங்கள். Whole Character என்ற கீயிங் செட் இதற்குத்தான். பிறகு Dope Sheet-இல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து T அழுத்தி Constant கொடுத்தால் எல்லாம் ஸ்டெப்டு ஆகிவிடும், இடைப்பட்ட அசைவு எதுவும் இருக்காது. போஸ்கள் மட்டும் மாறி மாறி வரும்.

இதை இயக்குநரிடம் காட்டுகிறீர்கள். "திரும்பும்போதே சிரிப்பு வந்தால் சோகத்தை அம்மா பார்த்துவிடுவாளே! முதலில் இங்கேயே சிரிப்பை வரவழைத்துக்கொள்ளட்டும், அப்புறம் திரும்பட்டும்" என்கிறார். சரியான திருத்தம், காட்சியின் அர்த்தமே அதில்தான் இருக்கிறது. 66-இல் ஒரு புதுப் போஸ் வைக்கிறீர்கள்: முகம் இன்னும் கேமரா பக்கம், உதட்டில் மட்டும் சிரிப்பு. கடைசிப் போஸின் கீகளை ஒரே வரிசையாகப் பிடித்து 76-க்கு நகர்த்துகிறீர்கள். சில நிமிட வேலை. பாலிஷ் முடிந்த ஷாட்டில் இதே திருத்தம் வந்தால் பிடிக்க வரிசையே இருக்காது. தலையின் கீ 71-இல், மார்பு 73-இல், கை 78-இல் என்று சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இப்போது மிதப்புக்கு வருகிறேன். ஸ்டெப்டில் ஒவ்வொரு மாற்றமும் ஒரே ஃபிரேமில் நடந்துவிடுகிறது, அதனால் எல்லாமே சுறுசுறுப்பாகத் தெரியும். 50-இல் சோகம், 66-இல் சிரிப்பு என்று மட்டும் வைத்து Bezier-க்கு, அதாவது ஸ்ப்ளைனுக்கு மாற்றினால், அந்த 16 ஃபிரேம் முழுவதையும் கணினி மாற்றத்துக்கே எடுத்துக்கொள்ளும். சோகம் நிற்கவே நிற்காமல் மெல்லச் சிரிப்பாக உருகும். போஸ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மாற்றம் எவ்வளவு நேரத்தில் நடக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு போஸையும் அது நின்று முடிகிற ஃபிரேமில் நகலெடுத்து வையுங்கள். முதல் போஸை 26-இல் வைத்தால், உறைவது 4 ஃபிரேமில் சட்டென்று நடக்கும். உறைந்த போஸை 42-இல் வைத்தால், தோள் 8 ஃபிரேமில் தளர்ந்து இறங்கும். சோகத்தை 60-இல் வைத்தால், சிரிப்பு 6 ஃபிரேமில் வரும். சிரிப்பை 70-இல் வைத்தால், 70 முதல் 76 வரை திரும்பல்.

அந்தத் திரும்பலுக்கு நடுவில், 73-இல், ஒரு பிரேக்டவுன், அதாவது மாற்றம் எந்த வழியில் போகிறது என்று காட்டும் இடைப்போஸ், கட்டாயம் வேண்டும். தலை சற்றுக் கீழே இறங்கி வளைவாகச் செல்லட்டும், கண் முன்னமே அம்மாவை எட்டியிருக்கட்டும், தோள் பின்தங்கட்டும். இது இல்லையென்றால் தலை நேர்க்கோட்டில், பொம்மைத் தலைபோல் சுழலும். இவ்வளவும் ஸ்டெப்டிலேயே செய்து, மாற்றங்கள் நடக்கும் இடங்களில் 2 முதல் 4 ஃபிரேமுக்கு ஒரு போஸ் இருக்கும்போது இன்னொரு முறை காட்டி ஒப்புதல் வாங்குங்கள். முக்கியப் போஸ்களோடு மட்டும் வாங்கிய ஒப்புதல் நடிப்புக்கு மட்டும்தான், டைமிங்குக்குச் செல்லாது.

பந்து துள்ளுவது, ஊஞ்சல், கார் ஓட்டம் போன்றவற்றுக்கு இந்த முறை அவசியமில்லை. அங்கே வளைகோடே விஷயம், நேராக ஸ்ப்ளைனில் செய்யலாம். பின்னல், துப்பட்டா போன்றவற்றையும் பிளாக்கிங்கில் தொட வேண்டாம். உடல் முடிவான பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஒப்புதல் கிடைத்ததும் T அழுத்தி Bezier, V அழுத்தி Auto Clamped. நகலெடுத்த இடங்களில் கோடு தட்டையாக நிற்கும், போஸ் நழுவாது. ஆனால் உயிரில்லாமல் உறைந்தும் போகும். அதனால் நகலை அப்படியே விடாமல் கொஞ்சம் மாற்றுங்கள்: 50-இல் சரிந்த தோள் 60-க்குள் இன்னும் இம்மியளவு இறங்கட்டும். இடுப்பில் தொடங்கி முதுகு, தலை, கை என்று சரிசெய்துகொண்டே போங்கள். கீகளை முன்பின் தள்ளி வரிசையைக் கலைப்பது அதற்கும் பிறகுதான்.