தேஜா வூ: லாட்ஜ் விஷயம்

> "முதல் தடவை போன லாட்ஜ். ஏற்கெனவே வந்த மாதிரியும் அடுத்து நடக்கப்போவது தெரிந்த மாதிரியும் இருந்தது. எப்படி?"

இந்த உணர்வுக்குத்தான் தேஜா வூ என்று பெயர். பெரும்பாலும் இட அமைப்புதான் காரணம். வரவேற்பு மேசை, படிக்கட்டு, ஜன்னல் இருக்கும் விதம் நீங்கள் மறந்துபோன வேறோர் இடத்தோடு ஒத்துப்போயிருக்கும். அந்த இடம் நினைவுக்கு வராது, பழகிய உணர்வு மட்டும் வரும். உளவியலாளர் ஆன் கிளியரியின் குழு 2012-இல் மெய்நிகர் காட்சிகளை வைத்துச் சோதித்தது. முன்பு காட்டிய அறையின் அமைப்பிலேயே, பொருட்களை மட்டும் மாற்றிய புது அறையில் தேஜா வூ கூடுதலாக வந்தது.

அடுத்த முறை இந்த உணர்வு வந்தால், நடக்கப்போவதை அப்போதே போனில் எழுதிவிட்டுப் பாருங்கள். கிளியரியின் 2018 ஆய்வில் இந்த 'முன்கூட்டியே தெரியும்' உணர்வு குருட்டு யூகத்தைத் தாண்டவில்லை.

எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். அடிக்கடி வந்து, கூடவே வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது, இல்லாத வாசனை, சில நொடி நினைவு தப்புவது என்றிருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையின் பொட்டு மடலில் வரும் வலிப்பு அப்படித் தொடங்கலாம்.