மார்ச்சில் ஏற்றிய சரக்கு எந்த ஆண்டு விற்பனை?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்கிறேன். புனே கடைக்காரர் மார்ச் 20-ல் 2 லட்ச ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்து 50,000 முன்பணம் போட்டார். 30-ம் தேதி லாரியில் ஏற்றினேன். ஏப்ரல் 2-ல் போய்ச் சேர்ந்தது. பாக்கி மே மாதம்தான் வந்தது. ஏப்ரல் தேதியிட்டு பில் போட்டு அடுத்த ஆண்டில் காட்டலாமா?

பதில்: காட்ட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, சரக்கு உங்கள் குடோனை விட்டுக் கிளம்பும் முன்போ கிளம்பும்போதோ பில் போட்டாக வேண்டும். எனவே பில் தேதி மார்ச் 30-ஐத் தாண்டக் கூடாது. 50,000 ரூபாயைத் தாண்டிய சரக்கு என்பதால் இ-வே பில்லும் எடுத்திருப்பீர்கள். அதிலும் லாரி ரசீதிலும் அந்தத் தேதிதான் இருக்கும். பில் மட்டும் ஏப்ரல் என்றால், சரிபார்க்கும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆர்டர் வந்த நாளில் விற்பனை எதுவும் நடக்கவில்லை. அன்று வந்த 50,000 நீங்கள் திருப்பித் தர வேண்டி வரலாம் என்ற கடன்தான். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வியாபாரி, வாங்கியபோதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பரிலிருந்து இந்தச் சலுகை உண்டு. (சேவைக்கு இது பொருந்தாது.) ஆனால் 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் ஐஜிஎஸ்டி, மார்ச் மாதக் கணக்கில் சேரும். மாதாமாதம் தாக்கல் செய்பவரானால் உள்ளீட்டு வரி வரவைக் கழித்து ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டும். பாக்கி வரவில்லை என்பது காரணமாகாது. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

வருமான வரியில் கேள்வி வேறு: சரக்கின் உரிமை எப்போது கைமாறியது? 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவருக்குக் கொண்டுசேர்க்கும்படி, உங்களுக்கென்று எந்த உரிமையும் நிறுத்திவைக்காமல் லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே பொதுவாக உரிமை மாறிவிடும். அப்படியானால் மார்ச்சோடு முடியும் ஆண்டில்தான் 2 லட்சமும் விற்பனை. மே மாதம் வரும் 1,60,000 (வரி சேர்த்து) வெறும் கடன் வசூல்.

‘புனே குடோனில் எடை போட்டு ஏற்கும்வரை சரக்கு என்னுடையது’ என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தால் நிலைமை மாறும். அப்போது ஏப்ரல் 2-தான் விற்பனை நாள். மார்ச் 31-ல் அந்த மூட்டைகளை வழியிலுள்ள சரக்காக, அடக்க விலையில், இறுதி இருப்பில் காட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: விற்பனையிலும் காட்டாமல் இருப்பிலும் காட்டாமல் விட்டுவிடுவார்கள். கொள்முதல் மட்டும் செலவாக நிற்கும்போது லாபம் குறைவது உடனே தெரிந்துவிடும். ஜிஎஸ்டியில் மார்ச், வருமான வரியில் ஏப்ரல் என்று பிரியும்போது, அந்த வித்தியாசத்தை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பை ஆர்டர் நகலோடு சேர்த்துவையுங்கள். பின்னால் எழுதிச் சேர்த்த நிபந்தனை நிற்காது.