டேப்லெட்டில் தமிழ்க் கையெழுத்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். பேனா வைத்த டேப்லெட்டில்தான் என் குறிப்பு எல்லாம். வந்த கேள்விகளில் தெரிந்தவற்றுக்குப் பதில் கீழே. ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: கையெழுத்தை எழுத்துருவாக மாற்றிய பிறகு கையெழுத்துப் பக்கத்தை அழிக்காதீர்கள்.

தேவகோட்டை, ஆசிரியை: "அண்ணே, தமிழ்ல எழுதி மாத்தினா ஆங்கில எழுத்தா கொட்டுது. பேனா கெட்டுப்போச்சா?"

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. செயலி உங்கள் கோடுகளை ஆங்கிலம் என்று நினைத்துப் படிக்கிறது. அமைப்புகளில் Recognition language அல்லது Handwriting language என்று ஓர் இடம் இருக்கும், அங்கே தமிழ் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் தமிழே இல்லையென்றால் அந்தச் செயலியில் எத்தனை முறை அழகாக எழுதினாலும் வராது.

அப்போது வழி ஜிபோர்டு விசைப்பலகை. அதில் தமிழைச் சேர்க்கும்போது Handwriting என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், எழுத எழுத எழுத்துருவாக விழும். ஆனால் எழுதிய கோடு உடனே மறைந்துவிடும், பக்கம் என்று எதுவும் மிஞ்சாது. அதனால் நான் பாடக்குறிப்பு, படம், அம்புக்குறி எல்லாவற்றையும் குறிப்புச் செயலியில் கையெழுத்தாகவே வைத்துக்கொள்கிறேன். எழுத்துருவாக வேண்டிய பத்தியை மட்டும் பக்கத்தில் ஆவணத்தைத் திறந்து ஜிபோர்டில் மறுபடி எழுதுகிறேன். இரட்டை வேலைதான், ஆனால் பிழை குறைகிறது.

கண்டனூர்: "நோட்டுல எழுதி போட்டோ எடுத்து மாத்தினாலும் அதேதானே?"

அதே இல்லை. டேப்லெட்டில் எழுதும்போது பேனா எங்கே தொட்டது, எந்தப் பக்கம் போனது, எப்போது எடுத்தது என்ற வரிசையும் பதிவாகிறது. "பட்டு" என்று எழுதினால் ட் மேல் வைத்த புள்ளி தனியாக ஒரு தொடுகை, செயலிக்கு அது தெரியும். போட்டோவில் அது ஒரு சின்னக் கறுப்பு, தாளில் இருக்கும் தூசி மாதிரிதான், விட்டுப்போய் "படடு" ஆகிவிடும். டேப்லெட் பக்கத்தையே படமாகவோ பிடிஎஃபாகவோ எடுத்து வேறு இடத்தில் கொடுத்து மாற்றினாலும் இதே கதிதான், அந்த வரிசை பெரும்பாலும் பயன்படாது.

வேறு வழியில்லை என்றால் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் Open with போய் Google Docs கொடுங்கள். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். வந்ததை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

செக்காலை: "எந்த டேப்லெட் வாங்கலாம்?"

விலை, மாடல் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. கடையில் கையில் வாங்கி, தமிழில் பத்து வரி எழுதி மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளத்தூர்: "மாத்தின குறிப்புல பௌர்ணமின்னு தேடினா ஒண்ணும் வரல. கண் முன்னாடி இருக்கு அண்ணே!"

இது நல்ல கேள்வி. கணினிக்குள் ௌ என்பது ஒரே குறி. நாம் கையால் எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ள மாதிரி ஒன்று. செயலி சில நேரம் அதை ஒரே குறியாக எடுக்காமல் ெ தனி, ள தனி என்று எடுத்துவிடுகிறது. திரையில் பௌர்ணமி, பெளர்ணமி இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், தேடலுக்கு இரண்டும் வேறு சொல். சோதிக்க வேண்டுமானால் அந்த முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து அம்பு விசையால் நகர்த்துங்கள். பௌ என்றால் "ர்"ருக்கு ஒரே தாவல், பெள என்றால் நடுவில் ஒருமுறை நிற்கும்.

கோட்டையூர்: "இதெல்லாம் தப்பே இல்ல. தட்டச்சுல முப்பது வருஷமா கொம்பு போட்டு ள அடிச்சவன் நான். வேணும்னா எல்லா 'ெள'வையும் ஒரே அடியா மாத்துங்க, முடிஞ்சுது."

ஐயா, தட்டச்சு பற்றி நீங்கள் சொல்வது சரி. பழைய இயந்திரத்தில் அப்படித்தான் அடித்தோம், தாளில் படிப்பவருக்கு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஒரே அடியாக மாற்றினால் வெள்ளி, வெளி, தெளிவு எல்லாம் சிதைந்துவிடும், அவற்றில் இருப்பது உண்மையான ள. ள மேல் புள்ளியோ இகரம் போன்ற குறியோ இருந்தால் அதைத் தொடக்கூடாது. குறி இல்லாத ள மட்டும் மாறட்டும், குறிப்பை kurippu.txt என்று சேமித்து இந்தப் பைத்தான் நிரலை ஓட்டுங்கள்:

```python
import re
s = open("kurippu.txt", encoding="utf-8").read()
s = re.sub("ெள(?![\u0bbe-\u0bcd])", "ௌ", s)
open("kurippu2.txt", "w", encoding="utf-8").write(s)
```

புதுக் கோப்பில்தான் எழுதுகிறது, பழையது அப்படியே இருக்கும். அதை மாற்றிவிடாதீர்கள்.

கானாடுகாத்தான்: "நான் எங்க ஆச்சி பேசுறத அப்படியே எழுதி வைக்கிறேன். கெளம்பு, வெளக்கு, கெளவின்னு வரும். இது என்னாகும்?"

கெட்டுப்போகும். கௌம்பு, வௌக்கு என்று ஆகிவிடும். பேச்சுவழக்கில் குறி இல்லாத ள நிறைய வருகிறது, கோட்டையூர் ஐயாவும் நானும் இதை யோசிக்கவில்லை. நீங்கள் அந்த நாலு வரியை ஓட்டாதீர்கள். லிப்ரே ஆபிஸில் ஒவ்வொன்றாகத் தேடி, கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

கோட்டையூர்: "அப்ப விட்டுடறதுதான் நல்லது. யாருக்கு நஷ்டம்?"

பள்ளத்தூர்க்காரர் தேடினால் கிடைக்கவில்லையே, நஷ்டம் அவருக்குத்தான். ஆச்சியின் பேச்சுக்கு வேறு விதி வேண்டும், என்னிடம் இப்போது இல்லை. யாரிடமாவது நல்ல சொற்பட்டியல் இருந்தால் அனுப்புங்கள்.

அரியக்குடி: "லேப்டாப்புக்குத் தானா வரணும். நெட் கணக்கு எதுவும் வேண்டாம்."

இரண்டு கருவிக்கும் நடுவே கோப்புகளை ஒத்திசைக்கும் Syncthing என்ற செயலி போதும். லேப்டாப்பில் அதுவே, டேப்லெட்டில் Syncthing-Fork. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. குறிப்புகளை ஏற்றுமதி செய்யும் கோப்புறையை டேப்லெட்டில் Send Only, லேப்டாப்பில் Receive Only என்று வையுங்கள். இரண்டு பக்கமும் திருத்தினால் பெயரில் sync-conflict என்று ஒட்டிக்கொண்டு இரண்டாவது கோப்பு வந்து நிற்கும், எது புதியது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அப்புறம் டேப்லெட்டின் பேட்டரி சிக்கனத்திலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் நின்றுவிடும். முக்கியமானது இன்னொன்று: இது காப்புநகல் இல்லை. டேப்லெட்டில் ஒரு கோப்புறையை அழித்தேன், இரவோடு இரவாக லேப்டாப்பிலும் போய்விட்டது, ஒரு மாதக் குறிப்பு. லேப்டாப்பில் File Versioning போட்டிருந்தால் .stversions கோப்புறையில் இருந்திருக்கும். போட்டுவிடுங்கள்.

ஆத்தங்குடி: "எங்க ஐயாவோட பேரேட்டை டேப்லெட்ல மாத்த முடியுமா? ௵, ௴ எல்லாம் இருக்கு."

இங்கே பேசுவது பேனாவால் புதிதாக எழுதுவதைப் பற்றி. பேரேடு போட்டோதான், முன்னே சொன்ன சிக்கல் எல்லாம் உண்டு. கூடவே தமிழ் எண் ௧ம் க என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுதான், தொகையை இயந்திரத்தை நம்பி எடுத்தால் கணக்கு தவறும். கையால் தட்டச்சு செய்வதே நல்லது. ௵ ௴ ௹ எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது.

புதுவயல்: "ஆங்கில எழுத்தா வருது, என்ன செய்ய?"

முதல் பதில்.

கண்டனூர்: "எனக்கும் ஆங்கிலமாத்தான்…"

முதல் பதில்தான். மொழியை மாற்றுங்கள்.

பள்ளத்தூர்: "ஓட்டிப் பார்த்தேன் அண்ணே. பௌர்ணமி, கௌரவம், மௌனம் எல்லாம் கிடைக்குது. 'நெல்லு வெளஞ்சது' மட்டும் வௌஞ்சதுன்னு ஆயிடுச்சு."

அதைக் கையால் திருத்துங்கள். திருத்தினதை எனக்கும் எழுதுங்கள், கானாடுகாத்தான்காரருக்குப் பட்டியல் தொடங்க முதல் சொல் கிடைத்துவிட்டது.