நான்காம் ஸ்டேஜைவிட அவசரமானது அந்த வறட்டு இருமல்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, ஸ்டேஜ் 4பி. ஏபிவிடி கீமோ மூன்று சைக்கிள் முடிந்தது, வரும் புதன்கிழமை நான்காவது. கூடவே கீமோ எடுக்கும் ஓர் அம்மாவுக்கு ஸ்டேஜ் 2தான், அவருக்கு ரிட்டுக்ஸிமாப் என்ற விலை உயர்ந்த மருந்து போடுகிறார்கள். இன்னொரு பெரியவருக்கு ஸ்டேஜ் 4, மருந்தே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என் மகளுக்குக் கொடுப்பது ஐம்பது வருஷத்துப் பழைய மருந்து என்று இணையத்தில் படித்தேன். கடைசி ஸ்டேஜ் என்பதால் பேருக்கு ஏதோ கொடுக்கிறார்களா? சிறுநீர் சிவப்பாகப் போகிறது. கை நரம்பு கறுத்துவிட்டது. முதுகில் கீறியதுபோல் பழுப்புக் கோடுகள். பத்து நாளாக வறட்டு இருமல், மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிரப் கொடுத்துவருகிறோம். ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். நாளை காலையே மகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் போங்கள். "பத்து நாளாக வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்பதை உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிவு சொல்லும்வரை ப்ளியோமைசின் என்ற மருந்து மகளின் உடம்பில் ஏறக் கூடாது. காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் விஷயத்தைப் பேசிவிடுவோம்.

உங்கள் மகளை யாரும் கைவிடவில்லை. அவர் பெறுவது குணப்படுத்துவதற்கான முழுச் சிகிச்சை.

மார்பகத்திலோ குடலிலோ தோன்றும் புற்றுநோய் நான்காம் ஸ்டேஜ் என்றால், பிறந்த இடத்தை விட்டுத் தொலைவில் போய் வேர்விட்டுவிட்டது என்று பொருள். அதனால்தான் அந்த எண்ணைக் கேட்டதும் குடும்பமே இடிந்துபோகிறது. லிம்ஃபோமாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட்டில் வரும் நோய். அந்த அணுவின் வேலையே உடம்பெங்கும் சுற்றுவதுதான்.

மகளின் பெட் ஸ்கேனையே எடுத்துக்கொள்வோம். கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறது, மார்புக்கூட்டின் நடுவிலும் இருக்கிறது. இரண்டும் உதரவிதானத்துக்கு மேலே ஒரே பக்கம் என்பதால், அவ்வளவோடு நின்றிருந்தால் ஸ்டேஜ் 2. உதரவிதானத்துக்குக் கீழே மண்ணீரலும் ஒளிர்ந்திருக்கிறது. மண்ணீரலை நிணநீர் உறுப்பாகவே கணக்கிடுவதால் அது ஸ்டேஜ் 3 ஆக்குகிறது. முதுகெலும்பில் இரண்டு இடங்களில் நோய் தெரிந்ததால்தான் ஸ்டேஜ் 4. 'பி' என்ற எழுத்து, ஆறு மாதத்துக்குள் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது, 38 டிகிரிக்கு மேல் காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்ததைச் சொல்கிறது. மகள் 54 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். அது 13 சதவீதம். 4பி என்ற குறியீட்டில் இருப்பது இவ்வளவுதான்.

இந்த அளவுகோல் 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கூடிய மருத்துவர்கள் வகுத்தது. ஹாட்ஜ்கின் நோய் பெரும்பாலும் ஒரு நிணநீர்க் கணுவிலிருந்து பக்கத்துக் கணுவுக்கு வரிசையாகப் பரவும். கதிர்வீச்சை எந்த இடம்வரை கொடுத்தால் போதும் என்று முடிவுசெய்ய அந்த வரிசை தெரிய வேண்டியிருந்தது. பிற்பாடு மற்ற லிம்ஃபோமாக்களுக்கும் அதையே பயன்படுத்தினார்கள். அவை அப்படி வரிசையாகப் போவதில்லை. ஆகவே இரண்டு பேருக்கு ஒரே எண் போட்டிருந்தாலும் சிகிச்சை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த மருந்து என்பதை முதலில் தீர்மானிப்பது நோயின் வகை. எத்தனை சைக்கிள், கதிர்வீச்சு சேர்க்கலாமா என்பதை ஸ்டேஜ் தீர்மானிக்கிறது. முதல் இரண்டு ஸ்டேஜில் இருந்திருந்தால் மகளுக்கு இரண்டு முதல் நான்கு சைக்கிளும் கொஞ்சம் கதிர்வீச்சும் போதுமாக இருந்திருக்கலாம். இப்போது ஆறு சைக்கிள் தேவைப்படுகிறது.

வெயிட்டிங் ஹாலில் நீங்கள் பார்த்த இருவருக்கும் வருகிறேன். அவர்களுடைய ரிப்போர்ட் என் கையில் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் சிகிச்சையை வைத்துப் பார்த்தால், அந்தப் பெரியவருக்கு ஃபாலிகுலர் லிம்ஃபோமா போல மெதுவாக வளரும் வகை இருக்க வேண்டும். அது கண்டுபிடிக்கப்படும்போதே பலருக்கும் ஸ்டேஜ் 4-ஆகத்தான் இருக்கும். தொந்தரவு இல்லாதவருக்கு அவசரப்பட்டுக் கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுவதில்லை, பக்கவிளைவுதான் மிஞ்சும். அதனால் கண்காணிக்கிறார்கள். அதுவும் சிகிச்சைத் திட்டம்தான். அந்த அம்மாவுக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் என்ற வேகமான வகையாக இருக்கலாம். அதற்கு 21 நாளுக்கு ஒருமுறை ஆர்-சாப் கொடுப்பது வழக்கம். அதில் 'ஆர்' என்பதுதான் ரிட்டுக்ஸிமாப்.

மகளுக்கு அது ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. சிடி30 பாசிட்டிவ், சிடி15 பாசிட்டிவ், சிடி20 நெகட்டிவ். ரிட்டுக்ஸிமாப் போய் ஒட்டிக்கொள்வது சிடி20 என்ற புரதத்தில். கிளாசிக்கல் ஹாட்ஜ்கினின் புற்றுநோய்ச் செல்லான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லும் பி-செல் என்ற லிம்ஃபோசைட்டிலிருந்து வந்ததுதான் என்றாலும், பெரும்பாலும் அந்தப் புரதத்தை இழந்துவிட்டிருக்கும். உங்கள் மகளின் செல்களும் இழந்துவிட்டன. பிடித்துக்கொள்ளக் கொம்பில்லாத இடத்தில் கொடி ஏறாது. ஹாட்ஜ்கினிலேயே 'நாடுலர் லிம்ஃபோசைட் பிரிடாமினன்ட்' என்று அரிதான இன்னொரு வகை உண்டு. அதில் சிடி20 இருக்கும், அங்கே ரிட்டுக்ஸிமாபுக்கு வேலை இருக்கிறது. ஆகவே இங்கே விலை காரணமில்லை, ஸ்டேஜும் காரணமில்லை.

"ஐம்பது வருஷத்துப் பழைய மருந்து" என்பது உண்மை. 1970-களில் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் உருவாக்கிய கூட்டு அது. மூன்றாம், நான்காம் ஸ்டேஜ் நோயாளிகளை மட்டுமே சேர்த்துக்கொண்ட பெரிய ஆய்வு ஒன்றில், ஏபிவிடி பெற்றவர்களில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 89 பேர் உயிரோடு இருந்தார்கள். சிடி30-ஐக் குறிவைக்கும் ப்ரென்டுக்ஸிமாப், நோயெதிர்ப்பு அணுக்களின் கட்டை அவிழ்த்துவிடும் நிவோலுமாப் ஆகிய புதிய மருந்துகளைச் சேர்த்தபோது பலன் இன்னும் கூடியிருக்கிறது. அவை நம் ஊரில் பலருக்கு எட்டாத விலை. ஆனால் உங்கள் மகளுக்கு நம்பிக்கை தரும் செய்தி கையிலேயே இருக்கிறது. இரண்டாவது சைக்கிளுக்குப் பிறகு எடுத்த பெட் ஸ்கேனில் டோவில் ஸ்கோர் 2. ஒன்று முதல் மூன்றுவரை இருந்தால் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கொள்கிறோம். நள்ளிரவில் "நான்காம் ஸ்டேஜ், எத்தனை மாதம்" என்று போனில் தேடுவதை நிறுத்துங்கள். அங்கே வரும் பதில்கள் வேறு நோய்களுக்கானவை.

இனி இருமல். ஏபிவிடியில் 'பி' என்பது ப்ளியோமைசின். ஆர்-சாப் போடும் அந்த அம்மாவுக்கு இந்த மருந்தே கிடையாது. இதைச் செயலிழக்கச் செய்யும் என்சைம் உடம்பின் பல திசுக்களில் உண்டு. நுரையீரலிலும் தோலிலும் மட்டும் மிகக் குறைவு. தோலில் அதன் விளைவுதான் முதுகில் தெரியும் கோடுகள். அவை ஆபத்தில்லாதவை, மெல்ல மங்கும். அதே காரணம் நுரையீரலில் நடந்தால் காற்றறைகளின் சுவர் அழற்சி கண்டு, கவனிக்காமல் விட்டால் தழும்பேறி இறுகிவிடும். அப்புறம் அதைத் திருப்ப முடியாது. வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது அதிகம் வரும். 22 வயது என்பதால் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

இது தொடங்குவது இப்படித்தான்: சளியில்லாத இருமல், முன்பு சிரமமில்லாமல் ஏறிய மாடியில் இப்போது நின்று நின்று ஏறுவது. ஸ்டெதாஸ்கோப்பில் முதுகின் அடிப்பகுதியில் மெல்லிய நொறுநொறு சத்தம் கேட்கலாம். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பத்தில் தெளிவாகவே இருக்கலாம், அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும்தான் சொல்லும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் இன்று இரவே உட்கார்ந்த நிலையில் ஒருமுறை, வீட்டுக்குள் சில நிமிடம் நடந்த பிறகு ஒருமுறை பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, நடந்த பிறகு நான்கு புள்ளி இறங்கினாலோ நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். எண் நன்றாக இருந்தாலும் நாளைய பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

சிரப்பை நிறுத்துங்கள். அது இருமலை மட்டும் மூடிவைக்கும், நுரையீரலுக்கு ஒன்றும் செய்யாது. பத்து நாள் அப்படித்தான் வீணாகியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிவிடவும் வேண்டாம். ப்ளியோமைசின் பாதிப்பு என்று உறுதியானால் டாக்டரே ஸ்டீராய்டுதான் கொடுப்பார். ஆனால் கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு இதே இருமல் காசநோயாலோ நியுமோசிஸ்டிஸ் என்ற கிருமியாலோ வரலாம். எது என்று தெரியாமல் கொடுத்த ஸ்டீராய்டு கிருமியை வளர்த்துவிடும். 38 டிகிரிக் காய்ச்சல், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்காமல் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

"ஒரு மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புமே" என்று பயப்பட வேண்டாம். இரண்டு சைக்கிளுக்குப் பிறகு பெட் ஸ்கேன் நன்றாக இருந்தவர்களுக்கு ப்ளியோமைசினை விட்டுவிட்டு மற்ற மூன்று மருந்துகளை மட்டும் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. மூன்று ஆண்டுக் கணக்கில் நோய் கட்டுப்பாடு ஏறக்குறைய சமமாகவே இருந்தது, நுரையீரல் தொந்தரவு குறைந்தது. மூன்றாவது சைக்கிளின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ப்ளியோமைசின் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலும் இருமலை அலட்சியம் செய்ய முடியாது. கடைசி டோஸுக்குச் சில மாதங்கள் கழித்தும் இது தலைகாட்டும்.

சிவப்புச் சிறுநீர் டாக்ஸோரூபிசினின் நிறம், ஓரிரு நாளில் போய்விடும். கறுத்த நரம்பு கீமோ ஏற்றியதால் வந்தது. ஊசி போட்ட இடத்தில் வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் நர்ஸிடம் காட்டுங்கள்.

மகளின் பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும்: "ப்ளியோமைசின் பெற்றவர்". பின்னாளில் பிரசவத்துக்கோ அப்பெண்டிக்ஸுக்கோ ஆபரேஷன் நடந்தால் மயக்க மருந்து டாக்டர் அதை முன்கூட்டியே படிக்க வேண்டும். இந்த மருந்து பட்ட நுரையீரலுக்கு ஆக்ஸிஜனைத் தேவைக்கு மேல் கொடுப்பதும் கெடுதல் செய்யக்கூடும்.