ஒரே ரெஸ்யூமே, இரண்டு மதிப்பெண்

ஒரே வேலை விளம்பரத்துக்கு என் ரெஸ்யூமேவைச் சோதித்தால் ஒரு இணையதளம் 62 தருகிறது, இன்னொன்று 41 தருகிறது. எதை நம்புவது?

ரெஸ்யூமே விளம்பரத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொரு தளமும் தன் கணக்கில் போடும் எண் அது. ஒன்று சொற்களை மட்டும் பார்க்கும். இன்னொன்று பக்க அமைப்புக்கும் சேர்த்துப் போடும். கையெழுத்துக்கே 35 தரும் ஆசிரியரும் கறாரான ஆசிரியரும் ஒரே விடைத்தாளைத் திருத்துவது போல.

இரண்டு தளங்களின் அடிமட்டமும் உச்சமும் தெரிய, அதே விளம்பரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ரெஸ்யூமேவை முதலில் ஏற்றுங்கள். பிறகு விளம்பர வாசகத்தையே ரெஸ்யூமேவாக ஏற்றுங்கள். முதல் தளம் 35, 95 என்றும் மற்றது 10, 80 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் ஏறியது அங்கே 60 படிகளில் 27, இங்கே 70 படிகளில் 31. இரண்டுமே ஏறக்குறைய 45 சதவீதம்தான்!

எண் குறைந்தால் நிறுவனம் நிராகரித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நீங்களாகப் போய்ச் சோதித்த இந்த எண் அந்த நிறுவனத்துக்குப் போவதில்லை.